ஒரே பொருள் நகர்ந்து பெரிதாவதாகக் காட்டுதல்: மார்ஃப் கொண்டு இரண்டு ஸ்லைடுகளில் செய்த ஒரு செல் படம்

உயிரியல் பாடத்துக்காக ஒரு செல்லின் படத்தைப் பவர்பாயிண்டில் வரைந்திருந்தேன். அந்தச் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களில் ஒன்று தன் இடத்திலிருந்து கிளம்பி, வலப்பக்கத்து வெற்றிடத்தை நோக்கி நகர்ந்துகொண்டே பெரிதாகி, உள்மடிப்புகள் தெளிவாகத் தெரியும் அளவில் வந்து நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். சிறிய படத்தை ஒரு ஸ்லைடிலும் பெரிய படத்தை அடுத்ததிலும் வைத்தால், பெரிய படம் செல்லின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதைப் பார்ப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது, பொருளின் இடமும் அளவும் மாறுவதை அசைவாகவே காட்டும் பவர்பாயிண்டின் மார்ஃப் மாற்றம் அந்த ஊகத்துக்கு இடம் வைப்பதில்லை. கண் அந்தப் பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை விடாமல் பின்தொடர்கிறது. ஆனால் அதற்கு இரண்டு ஸ்லைடுகளிலும் இருப்பது ஒரே பொருள்தான் என்று பவர்பாயிண்ட் புரிந்துகொண்டிருக்க வேண்டும். என் வேலையில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் சரிசெய்வதிலேயே போயிற்று.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லைடு வழக்கமான 16:9 வடிவம், அதாவது 33.867 செ.மீ. அகலமும் 19.05 செ.மீ. உயரமும் கொண்டது. செல்லின் வெளிக்கோடு இடப்பாதியில், இடது ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. தள்ளி, 14 செ.மீ. அகலத்தில் இருக்கிறது. அதற்குள் ஓர் உட்கருவும் ஐந்து மைட்டோகாண்ட்ரியாக்களும் உள்ளன. ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு நீள்வட்டமும் அதற்குள் ஒரு மடிப்புக் கோடும் சேர்ந்த குழு. அதாவது இரண்டையும் தேர்ந்தெடுத்து Group கொடுத்து ஒன்றாக்கியது. நகர வேண்டியது செல்லின் அடிப்பகுதியில் இருப்பது: 2.4 செ.மீ. அகலம், 1.2 செ.மீ. உயரம், இடமிருந்து 6 செ.மீ., மேலிருந்து 12 செ.மீ., 20° சாய்வு. அது போய்ச் சேர வேண்டிய நிலையில் அகலம் 14.4 செ.மீ., உயரம் 7.2 செ.மீ., சாய்வு இல்லை. அதாவது ஆறு மடங்கு வளர்ச்சியும், ஸ்லைடின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி தூரப் பயணமும்.

இதை முதலில் நான் செய்த முறை தவறானது. முதல் ஸ்லைடை முடித்துவிட்டு, வெற்று ஸ்லைடு ஒன்றைச் சேர்த்து, செல்லின் வெளிக்கோட்டையும் உட்கருவையும் நகலெடுத்து ஒட்டினேன். பெரிய மைட்டோகாண்ட்ரியாவைத் தெளிவாக இருக்கட்டும் என்று புதிதாகவே வரைந்தேன். பிறகு இரண்டாம் ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து, Transitions தாவலில் Morph கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது சிறிய மைட்டோகாண்ட்ரியா இருந்த இடத்திலேயே மங்கி மறைந்தது. பெரியது தன் இடத்திலேயே மெல்லத் தோன்றியது. நகர்வும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. பார்ப்பதற்கு அது Fade என்னும் சாதாரண மாற்றத்தைப் போலவே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு சோதனை முறையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சிக்கலையும் இதைக் கொண்டே கண்டுபிடித்தேன். Morph கொடுத்ததும் அதன் Duration தானாக 2 வினாடியாக அமைகிறது. அந்த வேகத்தில் என்ன தவறு நடக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடுவது கடினம். ஆகவே சோதனைக்காக மட்டும் Duration-ஐ 6 வினாடியாக்கி, முதல் ஸ்லைடில் நின்றுகொண்டு Shift+F5 அழுத்தி, அடுத்ததற்குப் போகும்போது நடுவழியைக் கவனித்தேன். நடுவழியில் ஒரே ஓர் உருவம் திடமான நிறத்தோடு பயணிப்பது தெரிந்தால், பவர்பாயிண்ட் இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டது என்று பொருள். நடுவழியில் அரைகுறையாக மங்கிய இரண்டு உருவங்கள் ஒரே நேரத்தில் தெரிந்தால், அவற்றை வெவ்வேறு பொருள்களாகக் கருதி ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்டுகிறது என்று பொருள். என் முதல் முயற்சியில் தெரிந்தவை மங்கிய இரண்டு உருவங்கள்.

சரியான வழி ஸ்லைடையே நகலெடுப்பது. இடப்பக்கத்துச் சிறுபடத்தைத் தேர்ந்தெடுத்து Ctrl+D அழுத்தினால் முழு ஸ்லைடும் நகலாகிறது. உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் பெயரோடும் அடையாளத்தோடும் வருகிறது. அந்த நகலில் பொருளை நகர்த்தி, அளவை மாற்றினால் போதும், இணைப்பு தானாகக் கிடைக்கிறது. இதிலும் நான் ஒரு தலைகீழ் வரிசையைப் பழகிக்கொண்டேன்: பெரிய படம் இருக்கும் இரண்டாம் ஸ்லைடை முதலில் முழுமையாக வரைந்து முடிக்கிறேன், பிறகு அதை நகலெடுத்து, நகலை மேலே இழுத்து முதல் ஸ்லைடாக வைத்து, அதில் பொருளைச் சிறிதாக்குகிறேன். நுணுக்கமான மடிப்புக் கோட்டைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கினால், வரையும்போது தெரியாத கோணல்கள் எல்லாம் ஆறு மடங்கு பெரிதாகி முகத்தில் அறைகின்றன. பெரிதாக வரைந்து சிறிதாக்கினால் அந்தக் கவலை இல்லை. நீங்கள் பயன்படுத்துவது கோட்டு வடிவமாக இல்லாமல் புகைப்படமாக இருந்தால் இந்த வரிசை இன்னும் முக்கியம், ஏனெனில் சிறிய கோப்பிலிருந்து பெரிதாக்கிய படம் இறுதி நிலையில் மங்கலாகத்தான் நிற்கும். எந்த வரிசையில் செய்தாலும் Morph கொடுக்க வேண்டியது பின்னால் வரும் ஸ்லைடுக்கு; நகலை முன்னால் கொண்டுபோகும்போது இதை மறந்து முன்னதற்குக் கொடுத்துவிடுவது எளிது.

அளவை இழுத்து மாற்றாமல் எண்ணாகக் கொடுத்தேன். குழுவின் மீது வலது கிளிக் செய்து Format Object எடுத்து, Size & Properties பகுதியில் Lock aspect ratio என்பதைக் குறியிட்டுவிட்டு, அகலத்தில் 2.4 என்று தட்டினால் உயரம் தானே 1.2 ஆகிறது. அதற்குக் கீழே Position பகுதியில் கிடைநிலையும் செங்குத்து நிலையும் உள்ளன. இவை பொருளின் இடது மேல் மூலையைக் குறிப்பவை. பெரிய நிலைக்கு நான் கொடுத்தது கிடையாக 17.5, செங்குத்தாக 5.92, ஸ்லைடின் உயரமான 19.05-இலிருந்து 7.2-ஐக் கழித்துப் பாதியாக்கினால் இந்த இரண்டாவது எண் வரும்.

மூலையைக் கொண்டு நிலையைக் குறிப்பதால் வரும் ஒரு விளைவை, இதே படத்தில் உட்கருவைக் கையாளும்போது உணர்ந்தேன். உட்கரு நகரக் கூடாது, இருந்த இடத்திலேயே சற்றுப் பெரிதாக வேண்டும் என்று ஒரு கட்டத்தில் முயன்றேன். அது 3 செ.மீ. விட்டமுள்ள வட்டம், கிடையாக 7, செங்குத்தாக 8. அளவை மட்டும் 5 என்று மாற்றியபோது, அது இடது மேல் மூலையை ஊன்றிக்கொண்டு வலமும் கீழுமாக வீங்கியது. மார்ஃப் ஓடும்போது வளர்வதைப் போல் இல்லாமல் கீழே சரிவதைப் போலத் தெரிந்தது. மையம் அசையாமல் வளர, அளவு கூடியதில் பாதியை நிலையிலிருந்து கழிக்க வேண்டும். இங்கே கூடியது 2 செ.மீ., எனவே நிலை 6, 7 என்று மாற வேண்டும். எண்ணில் விருப்பமில்லாதவர்கள் Ctrl, Shift இரண்டையும் பிடித்துக்கொண்டு மூலைப்பிடியை இழுத்தால் மையத்திலிருந்தே வளரும். எனக்கோ எண்தான் நம்பிக்கையாக இருக்கிறது, ஏனெனில் கைநடுக்கத்தில் ஏற்படும் ஒரு மில்லிமீட்டர் பிசகும் மார்ஃப் ஓடும்போது அசைவாகத் தெரிந்துவிடுகிறது.

இப்போது மைட்டோகாண்ட்ரியா கிளம்பி, வளர்ந்து, வலப்பக்கம் வந்து நின்றது. ஆனால் அது இருந்த இடத்தில் வெற்றிடம் தெரிந்தது. செல்லிலிருந்து ஓர் உறுப்பைப் பிடுங்கி வெளியே வைத்ததைப் போன்ற தோற்றம். பாடத்துக்கு இது தவறான செய்தி. நான் காட்ட விரும்பியது உருப்பெருக்கத்தை. ஆகவே பழைய இடத்தில் சிறியது ஒன்று அப்படியே இருக்க, அதன் மேலிருந்து மற்றொன்று கிளம்ப வேண்டும்.

இரண்டாம் ஸ்லைடில் மட்டும் பழைய இடத்தில் ஒரு சிறிய நகலை வைத்துப் பார்த்தேன். இது போதாது, ஏனெனில் இரண்டாம் ஸ்லைடில் மட்டும் உள்ள பொருள் மாற்றத்தின்போது மெல்லத்தான் தோன்றும். பெரியது கிளம்பிய நொடியில் கீழே வெற்றிடம் தெரிந்து, பிறகு அது நிரம்பியது. முதல் ஸ்லைடிலேயே இரண்டு சிறிய மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, துல்லியமாக ஒரே நிலையில் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. பார்ப்பவர் கண்ணுக்கு அவை ஒன்று. அடுத்த ஸ்லைடில் கீழுள்ளது நிற்கும், மேலுள்ளது கிளம்பும். Ctrl+D அழுத்திக் குழுவை நகலெடுத்தால் நகல் சற்றுத் தள்ளி விழும், எனவே அதன் நிலையை 6, 12 என்று தட்டிச் சரியாக மேலே ஏற்றினேன்.

அடுத்த சிக்கல் இதிலிருந்தே பிறந்தது. இந்த அடுக்கை முதல் ஸ்லைடில் செய்து, இரண்டாம் ஸ்லைடில் தனியாக ஒட்டியபோது, கிளம்ப வேண்டியது கிளம்பாமல், செல்லின் மேற்பகுதியில் இருந்த வேறொரு மைட்டோகாண்ட்ரியா குறுக்கே பறந்து வந்து பெரிதானது. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் ஆறு குழுக்கள் இருக்கும்போது, எது எதற்கு இணை என்று பவர்பாயிண்ட் தானாக எடுக்கும் முடிவு நம் எண்ணத்தோடு ஒத்துப்போகும் என்பதற்கு உறுதி இல்லை. ஸ்லைடை நகலெடுத்தபின் எதையும் அழிக்காமல், புதிதாக ஒட்டாமல் வேலை செய்தால் இது பெரும்பாலும் வராது. ஆனால் திருத்திக்கொண்டே இருக்கும் படத்தில் அந்த ஒழுங்கைக் காப்பது கடினம்.

இதற்கு உறுதியான தீர்வு பெயரிடுவது. Alt+F10 அழுத்தினால் Selection Pane திறக்கிறது. ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு பொருளின் பெயரும் அங்கே வரிசையாக இருக்கும். பெயரின் மீது இருமுறை கிளிக் செய்து மாற்றலாம். பெயர் இரண்டு ஆச்சரியக்குறிகளோடு தொடங்கினால், அடுத்தடுத்த இரண்டு ஸ்லைடுகளில் அதே பெயருள்ள பொருள்களை ஒன்றாகக் கொள்ளும்படி மார்ஃபுக்கு நாமே கட்டளையிடுகிறோம். நான் இரண்டு ஸ்லைடுகளிலும் இப்படிப் பெயரிட்டேன்:

```
!!நகர்வது
!!நிற்பது
!!உட்கரு
!!செல்சுவர்
```

மற்ற நான்கு மைட்டோகாண்ட்ரியாக்களுக்கும் `!!மற்றது1` முதல் `!!மற்றது4` வரை தனித்தனிப் பெயர். ஒரே ஸ்லைடில் ஒரே பெயர் இரண்டு பொருள்களுக்கு இருந்தால் குழப்பம் திரும்பி வந்துவிடும், ஆகவே எண்ணை விடக் கூடாது. ஆச்சரியக்குறிகளுக்குப் பின் வரும் எழுத்துகள் இரண்டு ஸ்லைடுகளிலும் அப்படியே ஒத்திருக்க வேண்டும். அதனால் இரண்டாம் முறை தட்டாமல், முதல் ஸ்லைடில் உள்ள பெயரை நகலெடுத்து ஒட்டினேன். பெயரிட்டபின் ஓட்டியபோது, சரியான மைட்டோகாண்ட்ரியா மட்டும் கிளம்பியது. மற்றவை இம்மியும் அசையவில்லை.

பெயர் கொடுத்தும் இரண்டு நாட்கள் கழித்து மறுபடியும் பழைய மங்கல் வந்தபோது சற்றுத் திகைத்தேன். காரணம் இதுதான்: மடிப்புக் கோட்டின் நிறத்தை மாற்றுவதற்காக இரண்டாம் ஸ்லைடில் குழுவைப் பிரித்து, திருத்திவிட்டு, மீண்டும் குழுவாக்கியிருந்தேன். பெயர் குழுவுக்கு உரியது. பிரித்ததும் குழு இல்லாமல் போகிறது, அதன் பெயரும் போகிறது. மீண்டும் குழுவாக்கும்போது பவர்பாயிண்ட் Group என்பதோடு ஓர் எண்ணைச் சேர்த்துப் புதுப்பெயர் வைத்துவிடுகிறது. நிறத்தை மாற்றக் குழுவைப் பிரிக்கவே தேவையில்லை: குழுவை ஒருமுறை கிளிக் செய்து, பிறகு உள்ளே இருக்கும் கோட்டை மறுபடி கிளிக் செய்தால் அந்தக் கோடு மட்டும் தேர்வாகும். இப்போதெல்லாம் மார்ஃப் திடீரென வேலை செய்யாவிட்டால் நான் முதலில் திறப்பது Selection Pane. இரண்டு ஸ்லைடுகளின் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வேறெதையும் தொடுகிறேன்.

குழுவைச் சிறிதாக்கும்போது அதனோடு சேர்ந்து சிறிதாகாத ஒன்று கோட்டின் தடிமன். பெரிய நிலையில் வெளிக்கோடு 4 புள்ளி தடிமனில் அழகாக இருந்தது. அதே 4 புள்ளி, 2.4 செ.மீ. அகலமே உள்ள சிறிய நிலையில் உள்மடிப்புகளை எல்லாம் அடைத்துக்கொண்டு கரிய புள்ளியைப் போல் தெரிந்தது. முதல் ஸ்லைடில் தடிமனை 0.75 புள்ளியாக்கினேன், மார்ஃப் ஓடும்போது தடிமனும் அளவோடு சேர்ந்து கூடிக்கொண்டே வருகிறது. எழுத்தும் இப்படித்தான்: குழுவைச் சிறிதாக்கினால் உள்ளே இருக்கும் எழுத்தின் அளவு தானாகக் குறைவதில்லை, வரிகள் மடிந்து பெட்டியை விட்டு வெளியே வழிகின்றன. வரி மடியும் இடம் இரண்டு ஸ்லைடுகளிலும் வேறுபட்டால், எழுத்து மட்டும் இரட்டையாகத் தெரிந்து மங்கி மாறுகிறது. நான் மைட்டோகாண்ட்ரியாவின் பெயரை உருவத்துக்குள் எழுதாமல், தனி எழுத்துப்பெட்டியாக இரண்டாம் ஸ்லைடில் மட்டும் வைத்தேன்.

அந்தப் பெயர்ப்பெட்டி, உருவம் வந்து நிற்பதற்கு முன்பே மெல்லத் தோன்றி, வெற்றிடத்தின் அருகே காத்துக்கொண்டு நின்றது. உருவம் வந்தபின் பெயர் வருவதே முறை என்பதால், அதற்கு மட்டும் Animations தாவலில் Fade கொடுத்து, தொடக்கத்தை After Previous என்று வைத்தேன். மாற்றம் முடிந்த பிறகே ஸ்லைடின் அசைவூட்டங்கள் தொடங்கும். இதே வசதி நகரும் பொருளுக்கு எதிரியாகிவிடும். பழைய கோப்பிலிருந்து எடுத்த ஒரு படத்தில், பெரிய உருவத்துக்கு ஏற்கெனவே Appear என்னும் நுழைவு அசைவூட்டம் இருந்தது. நுழைவு அசைவூட்டம் உள்ள பொருள், ஸ்லைடு தொடங்கும்போது மறைந்தே இருக்கும். எனவே மார்ஃப் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. நகரும் பொருளுக்கு இரண்டாம் ஸ்லைடில் நுழைவு அசைவூட்டம் இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும்.

பாதையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மார்ஃப் பொருளை நேர்க்கோட்டில்தான் கொண்டுபோகிறது. என் மைட்டோகாண்ட்ரியா வளர்ந்துகொண்டே போகும் வழியில் மற்றொரு மைட்டோகாண்ட்ரியாவின் மேலே செல்கிறது. இரண்டு ஸ்லைடுகளிலும் அதற்கு Bring to Front கொடுத்தபின் அது எல்லாவற்றுக்கும் மேலாகத் தடையின்றிக் கடக்கிறது. வளைந்து போகட்டும் என்று எண்ணி நடுவில் மூன்றாவது ஸ்லைடு ஒன்றை வைத்து, அங்கே பொருளைச் சற்று மேலே நிறுத்திப் பார்த்தேன். மார்ஃப் ஒவ்வொரு முறையும் மெதுவாகத் தொடங்கி, மெதுவாக முடிகிறது. அதனால் நடு ஸ்லைடுக்கு வரும்போது பொருள் தயங்கி நின்று, மறுபடி கிளம்பியது. வளைவுக்குப் பதிலாக ஒரு முழங்கை தெரிந்தது. நடு ஸ்லைடை நீக்கிவிட்டேன், நேர்ப்பாதையே இந்தப் படத்துக்குப் போதும். உண்மையில் பொருளை மட்டும் வளைவாக நகர்த்துவதுதான் நோக்கம் என்றால், மார்ஃபை விட Motion Paths அசைவூட்டமே பொருத்தம்.

இறுதியில் Duration-ஐ 1.75 வினாடியாக்கினேன். ஒரு வினாடியில் ஓடியபோது எது எங்கிருந்து வந்தது என்பதைக் கண் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆறு மடங்கு வளர்ச்சிக்கும் பாதி ஸ்லைடுப் பயணத்துக்கும் சற்று நேரம் வேண்டியிருக்கிறது. Effect Options-இல் Objects என்பதே இருக்கட்டும். மற்ற இரண்டும் சொற்களையும் எழுத்துகளையும் நகர்த்துவதற்கானவை. பெரியது மீண்டும் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்றால், பின்செல்லும் விசையை அழுத்துவதை நம்பாமல், முதல் ஸ்லைடின் நகலை இரண்டாவதற்குப் பின்னால் வைத்து அதற்கும் Morph கொடுப்பதே வழி.

வேறு கணினியில் காட்டப்போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று மிச்சம் இருக்கிறது. மார்ஃப் 2015-இன் இறுதியில் சந்தாப் பதிப்புக்கு வந்த வசதி. பவர்பாயிண்ட் 2013 போன்ற பழைய பதிப்புகளுக்கு அது தெரியாது. கோப்புக்குள் மாற்றம் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், அங்கே என்ன நடக்கும் என்பது விளங்கும். `.pptx` கோப்பை நகலெடுத்து, நகலை `.zip` என்று பெயர் மாற்றித் திறந்தால், உள்ளே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கும். இரண்டாம் ஸ்லைடின் கோப்பில் இந்த இரண்டு வரிகள் தனித்தனிப் பகுதிகளில் காணப்படும்:

```xml
<p159:morph option="byObject"/>
<p:fade/>
```

முதல் வரியைப் புரிந்துகொள்ளும் பதிப்பு அதை ஓட்டும். புரியாதது இரண்டாவதான `fade`-ஐ ஓட்டும். எந்தப் பிழைச் செய்தியும் வராது, நகர்வும் வளர்ச்சியும் மட்டும் காணாமல் போகும். நான் என்ன பதிப்பு இருக்கிறது என்று தெரியாத கணினிக்குப் போகும்போது, File பட்டியலில் Export வழியாக Create a Video கொடுத்து, இந்த இரண்டு ஸ்லைடுகளை மட்டும் எம்பி4 கோப்பாக எடுத்து, அதையும் உடன் கொண்டுபோகிறேன். ஸ்லைடில் அந்தக் காணொளியையே செருகிவிட்டால், பவர்பாயிண்ட் 2013-இலும் மைட்டோகாண்ட்ரியா தன் இடத்திலிருந்து கிளம்பி வளர்வது அப்படியே தெரியும்.